அம்மாயி ஏன் ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறார்

தம்பி, உன் அம்மாயியை வெட்டி மலைப் படத்தில் சேர்த்து நீ அனுப்பிய படத்தை முதலில் போனில் பார்த்தேன், அப்புறம் அதன் Photoshop PSD கோப்பை இறக்கி நேற்று ராத்திரி மூன்று மணி நேரம் அதோடு உட்கார்ந்தேன். "எல்லாம் சரியாத்தான் வெட்டியிருக்கேன் சேர், ஆனாலும் ஒட்டின மாதிரியே இருக்கு, எங்க பிழைன்னு தெரியல" என்று எழுதியிருந்தாய். வெட்டில் பிழை இல்லை. நரைமுடி ஒவ்வொன்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறாய், கூடைக் கயிறு நெற்றியில் பதிந்திருக்கும் இடம்கூடச் சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் நீ உழைத்த இரண்டு ராத்திரியையும் ஓரத்திலேயே செலவழித்துவிட்டாய், ஸ்டிக்கர் தன்மை வருவது ஓரத்துக்கு உள்ளே இருக்கும் வெளிச்சத்திலிருந்து. நான் என்ன செய்தேன், எது சரிவந்தது, எது வரவில்லை என்று செய்த வரிசையிலேயே எழுதுகிறேன், நீயும் பக்கத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாசி.

உன்னிடம் இருப்பது இரண்டு படம். ஒன்று பொகவந்தலாவைப் பக்கம் காலை ஏழு மணிக்கு, தோட்டத்து ரோட்டில் நின்று போனில் எடுத்த மலை, மூடுபனி நல்ல கனமாக இறங்கியிருக்கிறது. இன்னொன்று ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது: உன் அம்மாயி இடுப்பில் படங்கு கட்டி, தலையில் வெள்ளைத் துண்டு போட்டு, பழைய கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். முழங்கால் வலியால் அவரால் இனி அந்த மலைக்கு ஏற முடியாது, அதனால்தான் இப்படிச் சேர்க்கிறோம் என்று சொன்னாய். அதனால் இது ஒப்பேற்றக் கூடாத வேலை.

முதலில் செய்தது ஒரு சோதனை. எல்லா லேயருக்கும் மேலே ஒரு Levels லேயர் போட்டு, Input பக்கத்து வெள்ளை முனையை 255இலிருந்து 80க்கு இழுத்தேன். வெளிச்சமான இடமெல்லாம் வெளுத்துப்போய், படத்தின் இருட்டுப் பகுதி மட்டும் விரிந்து தெரியும். அப்படிச் செய்ததும் உன் பின்னணியில் கறுப்பு என்று ஒன்றுமே இல்லை, முன்னால் இருக்கிற தேயிலையின் இலை இடுக்குகூடச் சாம்பல்தான். அதற்கு நடுவில் அம்மாயியின் கூந்தலும் படங்கின் மடிப்பும் கரி பூசினது மாதிரி கன்னங்கரேலென்று நிற்கின்றன. கண்ணுக்கு உறுத்துவது இந்த வித்தியாசம்தான், சாதாரணமாகப் பார்க்கும்போது அது இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாது, ஒட்டினது என்று மட்டும் தோன்றும். இந்தச் சோதனை லேயரை அழிக்காமல் அணைத்து வை, கடைசி வரை உதவும்.

ஏன் அப்படி என்றால், மூடுபனி என்பது நமக்கும் பொருளுக்கும் நடுவில் தொங்குகிற நீர்த்துளிகள். அவை மேலேயிருந்து வரும் வெளிச்சத்தைச் சிதறடித்து நம் பக்கமும் கொஞ்சம் அனுப்புகின்றன. பொருளிலிருந்து வெளிச்சமே வராவிட்டாலும், அதாவது அது கறுப்பாகவே இருந்தாலும், நடுவில் இருக்கும் பனியின் வெளிச்சம் அதன்மேல் கூடிவிடும். தூரம் கூடக் கூட இந்தக் கூட்டல் கூடும். உன் படத்திலேயே பார்: நாலு மீட்டரில் இருக்கும் இலை இடுக்கு கருஞ்சாம்பல், ஆறு மீட்டரில் இன்னும் வெளிறிய சாம்பல், அடுத்த மலைச் சரிவு பால் மாதிரி, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கை 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மன் வானிலை ஆய்வாளர் எழுதிவைத்தார், பனியில் எவ்வளவு தூரம் கண் தெரியும் என்று கணிக்க இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஸ்டூடியோவில் அம்மாயிக்கும் கமராவுக்கும் நடுவில் பனி இல்லை. ஆகவே அவரை வெட்டி இங்கே வைத்தால் பனி அவரை மட்டும் தொடாமல் சுற்றிப் போன மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, திருத்தம். நான் முதலில் செய்தது தப்பு, நீயும் அதையே செய்வாய் என்பதால் சொல்கிறேன். அம்மாயி லேயருக்கு மட்டும் கிளிப் செய்த ஒரு Levels போட்டு, Output பக்கத்துக் கறுப்பை 30க்கு ஏற்றினேன். கூந்தல் சரியாக வந்தது. ஆனால் தலைத்துண்டு இன்னும் பளீரென்று இருந்தது, அளந்து பார்த்தால் 248. பின்னால் இருக்கும் பனியோ 206. காட்சியில் இருக்கும் வெளிச்சம் முழுவதையும் கொடுப்பது அந்தப் பனிதான், அதன் வெளிச்சத்தில் நிற்கும் ஒரு துணி அதைவிட வெள்ளையாக இருக்க வழியே இல்லை. மழைக்கால மேகத்துக்கு எதிரில் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைப் பார், வானத்தைவிட ஒரு படி மங்கலாகத்தான் தெரியும். ஆக உன் படத்தில் இருந்தது இரண்டு பிழை. கறுப்பு மிகக் கறுப்பு, அதோடு வெள்ளை மிக வெள்ளை. ஒன்றை மட்டும் திருத்தினால் ஸ்டிக்கர் கொஞ்சம் பழைய ஸ்டிக்கராக மாறும், அவ்வளவுதான்.

வெள்ளை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தேவையில்லை, உன் பின்னணியிலேயே அளவுகோல் கிடக்கிறது. வலது பக்கம், முன்வரிசைத் தேயிலை ஓரமாக ஒரு வெள்ளை உரப்பை விழுந்து கிடக்கிறதே, நீ அழிக்க நினைத்திருப்பாய், நல்ல வேளை அழிக்கவில்லை. Eyedropper கருவியின் Sample Size 5 by 5 Average ஆக இருக்கட்டும், ஒற்றைப் பிக்சலை அளந்தால் எண் ஆடும். F8 அழுத்தினால் Info வரும். உரப்பை மேல் வைத்துப் பார்த்தேன், G 185 காட்டியது. அதே தூரத்து இலை இடுக்கு 30. பனி R 198, G 206, B 212, அதாவது லேசான நீலம். கணக்கு எளிதாக இருக்க G எண்ணை மட்டும் எடுத்துக்கொள், மற்ற இரண்டையும் பனியின் நிறமே பார்த்துக்கொள்ளும்.

இப்போது Levels லேயரைத் தூக்கிவிட்டு, அதற்குப் பதில் Solid Color லேயர் ஒன்றைப் பனியின் நிறத்தில் நிரப்பி அம்மாயி லேயருக்குக் கிளிப் செய்தேன். லேயர்களுக்கு நடுவில் Alt பிடித்துக் கிளிக் செய்தால் கிளிப் ஆகிவிடும். Mode மாற்ற வேண்டாம், Normal. Opacity எவ்வளவு? கூந்தலின் ஆழம் 5, அது 30 ஆக வேண்டும், பனி 206:

```
Opacity = (30 - 5) / (206 - 5) = 0.124
```

12 சதவீதம் என்று வைத்தேன். இதுதான் உண்மையான பனியும் செய்வது: கறுப்பை ஏற்றும், வெள்ளையைத் தன் பக்கம் இழுக்கும், நிறத்தையும் சேர்த்து நீலத்துக்குத் தள்ளும், மூன்றும் ஒரே அளவில். ஆனால் அதற்கு முன்னால் ஸ்டூடியோ வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும், ஏனென்றால் 12 சதவீதப் பனியால் 248ஐ 243க்குத்தான் இறக்க முடியும். அதனால் பனி லேயருக்குக் கீழே ஒரு Curves கிளிப் செய்து, தலைத்துண்டின் 248 வந்து 182இல் நிற்கும்படி மேல் முனையை இறக்கினேன். 182க்கு மேல் பனி சேர்ந்ததும் 185, உரப்பை அளவு. வரிசை மாறக் கூடாது: கீழே வெளிச்சம், மேலே பனி. பனியைப் போட்ட பிறகு வெளிச்சத்தைக் குறைத்தால் ஏற்றி வைத்த கறுப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

இப்போது அம்மாயியின் முகம் இருண்டுவிட்டது போலத் தெரியும், நீ உடனே அவரை மட்டும் வெளிச்சமாக்கப் போவாய். வேண்டாம். முகம் தெளிய வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் மேலே, எதற்கும் கிளிப் செய்யாமல், ஒரே ஒரு Curves போட்டு மலையையும் அவரையும் சேர்த்தே தூக்கு. அவரை மட்டும் தனியாகத் தூக்கிய நிமிஷத்தில் மறுபடி வெட்டி ஒட்டினது வந்துவிடும்.

இதற்குப் பிறகு, நீ போட்டிருந்த Drop Shadow. அதை அணைத்ததுமே பாதி நிம்மதி. அந்த எஃபெக்ட் ஒரு தட்டையான தாளுக்கு மேல் இன்னொரு தட்டையான தாள் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்கிறது, ஸ்டிக்கர் என்றால் அதுதானே. மூடுபனியில் ஒரு பக்கமாக விழுகிற நிழலே கிடையாது. இருப்பது தொடுமிடத்து இருட்டு மட்டும், இரண்டு பொருள் நெருங்கும் இடுக்கில் வெளிச்சம் புகாததால் வருவது.

தொடுமிடம் எது என்று பார்த்தால், நீ அவர் காலுக்குக் கீழே மண்ணைத் தேடிப் பிடித்து நிழல் போட்டிருக்கிறாய். கொழுந்து எடுக்கிறவரின் கால் எங்கே தெரியும்? இடுப்பளவு தேயிலைக்குள் நிற்கிறார், கண்ணுக்குத் தெரியும் தொடுமிடம் இடுப்பில்தான். நீ அவரை எல்லாத் தேயிலைக்கும் முன்னால் வைத்ததால், செடி அவருக்குப் பின்னால் அச்சடித்த சீலை மாதிரி ஆகிவிட்டது. பின்னணி லேயரை நகல் எடுத்து அம்மாயிக்கு மேலே வைத்தேன், கறுப்பு மாஸ்க் போட்டு முழுக்க மறைத்தேன், பிறகு சிறிய கடினப் பிரஷ்ஷால் இடுப்பு மட்டத்தில் அவருக்கு முன்னால் வர வேண்டிய இலைகளை ஒவ்வொன்றாக வெள்ளையால் வெளிக்கொண்டு வந்தேன். இது நாற்பது நிமிஷம் எடுத்தது, முழு வேலையில் அதிக நேரம் போனது இங்கேதான். நேர்க்கோடாக மறைத்தால் வேலிக்குப் பின்னால் நிற்பது போல ஆகும், அதனால் சில கொழுந்து படங்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், சில இடத்தில் இடுக்கு வழியாகப் படங்கு தெரிய வேண்டும். இடது கை கொழுந்துக்குள் போகும் இடத்தில் இரண்டு விரலை மறைத்தேன், அந்த ஒன்றிலேயே அவர் மலைக்குள் இறங்கிவிட்டார்.

அதன் பிறகு பனிக்கு மேலே, அம்மாயிக்குக் கிளிப் செய்த ஒரு Normal லேயரில், இலை இடுக்கிலிருந்தே எடுத்த கரும்பச்சை நிறத்தால், மென்மையான பிரஷ், 15 சதவீதம், இடுப்பைச் சுற்றிப் படங்கில் இரண்டு மூன்று தடவை தடவினேன். சுத்தக் கறுப்பு எடுக்காதே, ஏற்றி வைத்த கறுப்பை அது கெடுத்துவிடும், முதல் சோதனை லேயரை ஏற்றினால் உடனே தெரியும். முன்கையின் அடிப்பக்கத்தில் தேயிலையின் பச்சை கொஞ்சம் படியும், Color லேயரில் 8 சதவீதம் போதும்.

இனி அளவும் உயரமும். இந்தப் பிழை உன்னுடையது மட்டும் இல்லை, மலைநாட்டில் படம் சேர்க்கிற எல்லோரும் இங்கே வழுக்குகிறார்கள். கமரா ஆள் உயரத்தில் இருந்தால் நிற்கிறவர்களின் கண் எல்லாம் அடிவானக் கோட்டில் வரும் என்று வீடியோவில் கற்றிருக்கிறாய். அது சரி, ஆனால் அந்த வீடியோ சமதரையில் எடுத்தது. நீ அடிவானம் என்று எடுத்துக்கொண்டது எதிர் மலையின் முகட்டை. முகடு உன் தலைக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது, அதற்கும் அடிவானத்துக்கும் சம்பந்தம் இல்லை. அம்மாயியின் கண்ணை முகட்டோடு சேர்த்ததால் அவர் தேயிலைக்கு மேலே மிதக்கிறார்.

மலையில் உண்மையான கண்மட்டக் கோட்டைக் கண்டுபிடிக்கக் கட்டடம் வேண்டும், உன் படத்தில் இடது ஓரம் லயம் இருக்கிறது. தகரக் கூரையின் விளிம்பு ஒரு கோடு, கீழே திண்ணையின் விளிம்பு இன்னொரு கோடு, நிஜத்தில் இரண்டும் மட்டமாக ஒரே திசையில் ஓடுபவை, படத்தில் நீட்டினால் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் உயரம்தான் கண்மட்டம். லயத்துப் படிக்கட்டு, ரோட்டோரக் கான் இதையெல்லாம் எடுக்காதே, அவை சரிவோடு சேர்ந்து சாய்ந்தவை. எனக்குக் கோடுகள் மேலிருந்து 1150ஆவது பிக்சலில் சந்தித்தன, உன் படம் 3000 பிக்சல் உயரம். முகடு இருப்பது 620இல். எவ்வளவு தூரம் விலகியிருக்கிறாய் என்று பார்.

நீ ரோட்டில் நின்றாய், முன்வரிசைத் தேயிலை நாலு மீட்டர் தள்ளி, ரோட்டைவிட அரை மீட்டர் பள்ளத்தில், அதனால் அம்மாயியின் தலை அந்தக் கண்மட்டத்துக்குக் கீழேதான் வர வேண்டும். அங்கே செடி 640 பிக்சல் உயரம் வருகிறது. பறிக்கும் மட்டம் அம்மாயியின் இடுப்பு, சுமார் 85 சென்டிமீட்டர், அவர் ஒன்றரை மீட்டர் இருப்பார் என்றால் படத்தில் 1130 பிக்சல். உன்னுடைய கோப்பிலும் அவர் 1100 பிக்சல்தான், ஆனால் நிற்பதோ ஆறு மீட்டரில் இருக்கும் வரிசையில், அங்கே 750தான் வர வேண்டும். அதனால்தான் அரக்கி மாதிரித் தெரிந்தார். சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை, முகம் தெரிய வேண்டுமே, எனவே அளவை வைத்துக்கொண்டு அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். மேலே சொன்ன 30, 12 சதவீதம் எல்லாம் இந்த நாலு மீட்டருக்கான எண். ஆறு மீட்டரில் விட்டிருந்தால் இடுக்கு 40 வரும், பனியும் கூட வேண்டும். ஆளை நகர்த்தினால் பனியைத் திரும்ப அள.

கூர்மையைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்டூடியோ கமரா போனைவிடக் கூர், அதனால் அளவு குறைத்த பிறகு 100 சதவீதத்தில் பார்த்து, அம்மாயிக்கு Gaussian Blur 0.7 கொடுத்தேன், மேலே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொஞ்சம் Add Noise. ஓரத்தில் நீ போட்ட 5 பிக்சல் Feather மட்டும் வேண்டாம், தேயிலைக்கு எதிரில் அது ஒளிவட்டமாகத் தெரிகிறது, 1 போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு விஷயம் எனக்குச் சரிவரவில்லை. ஒன்று, ஸ்டூடியோ ஃப்ளாஷ் இடது பக்கமிருந்து அடித்ததால் மூக்கின் நிழல் வலது கன்னத்தில் கூர்மையாக விழுந்திருக்கிறது. பனியில் வெளிச்சம் மேலேயிருந்தும் எல்லாப் பக்கமிருந்தும் வரும், கண்குழியும் தாடைக்குக் கீழும்தான் மெல்ல இருளும், கன்னத்தில் மூக்கு விழாது. மாஸ்க் போட்ட Curves வைத்துப் பாதி தூக்கினேன், முழுக்கத் தூக்கினால் தோல் சுருக்கம் எல்லாம் போய் மெழுகு மாதிரி ஆகிறது. அந்தச் சுருக்கம் போனால் அது உன் அம்மாயி இல்லை. இரண்டாவது, நீ மலையை மேலேயிருந்து பார்க்கிறாய், ஸ்டூடியோக்காரர் அவரை நெஞ்சு மட்டத்திலிருந்து பார்த்திருக்கிறார். தாடையின் அடி தெரிகிறது, கூடையின் வாய் தெரியவில்லை. இதை எந்த லேயராலும் திருப்ப முடியாது.

ஆகவே திரும்ப எடு. ஸ்டூடியோ வேண்டாம், உங்கள் லயத்து இஸ்தோப்பு போதும். மூடுபனியோ கனத்த மேகமோ இருக்கிற ஒரு காலை, அம்மாயியை இஸ்தோப்பின் கூரைக்குக் கீழே வைக்காதே, ஓரடி வெளியே, வானம் தலைக்கு மேல் படும்படி வாசலில் நிற்க வை, கால் வலித்தால் ஸ்டூலில் உட்காரட்டும், இடுப்புக்குக் கீழே எப்படியும் தேயிலை மறைக்கும். ஃப்ளாஷை அணை. மலையை எடுத்த அதே போன், சூம் இல்லாமல் 1x, நாலு மீட்டர் தள்ளி நில். போன் அவர் உச்சந்தலையைவிட அரை மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அவர் உட்கார்ந்திருந்தால் நீ நின்றபடி எடுத்தாலே அந்த உயரம் வந்துவிடும், கூடை வாயும் தெரியும். அவருக்குப் பின்னால் ஒரு சாம்பல் போர்வையைக் கொடியில் போடு, பக்கத்தில் ஒரு வெள்ளை உரப்பையையும் தொங்கவிடு, அளக்க வேண்டியிருக்கும். முகத்தைக் கமராவுக்குத் திருப்பச் சொல்லாதே, கையில் நாலு கொழுந்தைக் கொடுத்துவிட்டு, அவர் அதைப் பார்க்கும்போது எடு.

நான் திருத்திய கோப்பு இதோடு வருகிறது, லேயர்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். புதுப் படம் கிடைத்ததும் "அம்மாயி" லேயரில் இருப்பதை மட்டும் மாற்று, வெளிச்சக் Curves எண்ணைத் திரும்ப அள, இடுப்பு இலை மாஸ்க் அப்படியே இருக்கட்டும், கை விழும் இடத்தில் மட்டும் விரலுக்கு ஏற்றபடி திருத்து.